ஒரே ‘ரெஸ்.’, இரண்டு அர்த்தம்



பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளில் ரிவிஷன் காலம் தொடங்கினால் டிவி சத்தம் குறையும், அம்மாவின் குரல் கொஞ்சம் கூடும். இந்த முறை அந்த வீடுகளிலிருந்து வந்த கடிதங்களில் ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. “பையன் தமிழ் மீடியம். பரீட்சையும் தமிழில்தான் எழுதப் போகிறான். ஆனால் நோட்டைத் திறந்தால் பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். இதைப் படித்துவிட்டு எப்படித் தமிழில் எழுதுவான்?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நோட்டின் சில பக்கங்களைப் போட்டோ எடுத்தும் அனுப்பியிருந்தார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நோட்டு அப்படி இருப்பதில் தப்பே இல்லை. டீச்சர் வேகமாகப் பேசுவார். பையன் காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதுவான். நாமும் ‘கரண்ட் போச்சு’ என்றுதானே சொல்கிறோம்? ‘மின்னோட்டம் நின்றுவிட்டது’ என்று எந்த வீட்டில் சொல்கிறார்கள்? வகுப்பில் உட்கார்ந்து எழுதும் நோட்டை ஒரே மொழியில் எழுதச் சொல்லிப் பிள்ளையைப் படுத்தாதீர்கள். எழுதுவதிலேயே கவனம் போய், பாடத்தைக் கோட்டை விட்டுவிடுவான்.

சிக்கல் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. அந்த நோட்டிலிருந்து தேர்வுக்கு முன் புரட்ட ஒரு பக்கச் சுருக்கம் தயாரிக்கும்போதுதான் கோளாறு நுழைகிறது. பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் சுருக்குகிறார்கள், அப்புறம் தமிழாக்குகிறார்கள். நான் சொல்வது இதற்கு நேர் எதிரான வரிசை. எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் என்று முதலில் முடிவாகட்டும். சுருக்குவது அதற்குப் பிறகு. ஏன் என்று அந்த வாசகி அனுப்பிய நோட்டை வைத்தே பார்ப்போம். அறிவியல் பாடத்தில் ‘மின்னோட்டவியல்’ பகுதி அது. ஆங்கில எழுத்தில் இருந்த சொற்களை உங்கள் வசதிக்காகத் தமிழ் எழுத்தில் தருகிறேன்.

“ஓம்ஸ் லா: டெம்ப் கான்ஸ். V டைரக்ட்லி I. கிராஃப் ஸ்ட்ரெயிட் லைன்.

ரெஸ்: லெங்த், ஏரியா, மெட்டீரியல் பொறுத்து மாறும். லெங்த் ஜாஸ்தி ஆனா ரெஸ். ஜாஸ்தி.

ரெஸ்: லெங்த், ஏரியா டிபெண்ட் ஆகாது. மெட்டீரியல் மட்டும். இம்பார்ட்டன்ட்!!

சீரீஸ்: கரண்ட் சேம், வோல்டேஜ் பிரியும். பேரலல்: உல்டா.

பவர் = VI. 1 யூனிட் = 1 kWh. பவர் ஜாஸ்தி யூஸ் பண்ணா பில் ஜாஸ்தி.”

இரண்டாவது, மூன்றாவது வரிகளை மறுபடி ஒருமுறை படியுங்கள். நீளத்தைப் பொறுத்து மாறும் என்று ஒரு வரி. மாறாது என்று அடுத்த வரி. இரண்டுக்கும் முன்னால் ‘ரெஸ்’. பையன் இதை அப்படியே சுருக்கித் தமிழாக்கினால் என்ன ஆகும்? ‘மின்தடை நீளத்தைப் பொறுத்தது. மின்தடை நீளத்தைப் பொறுத்ததல்ல’ என்று பக்கத்தில் உட்காரும். தேர்வுக்கு முந்தின ராத்திரி அதைப் படிப்பவனுக்குக் குழப்பம்தான் மிச்சம். அதைவிடக் கெட்டது, குழப்பமாக இருக்கிறதே என்று இரண்டில் ஒரு வரியை அடித்துவிட்டுப் போவது.

டீச்சர் தப்பாகச் சொல்லவில்லை. அவர் சொன்னது இரண்டு வேறு சமாச்சாரங்கள். முதலாவது ரெசிஸ்டன்ஸ், பாடப்புத்தகத் தமிழில் மின்தடை. இரண்டாவது ரெசிஸ்டிவிட்டி, அதாவது மின்தடை எண். பையன் கை இரண்டையும் ‘ரெஸ்’ என்று ஒரே மாதிரி வெட்டிவிட்டது. பத்து ஓம் மின்தடை உள்ள சீரான கம்பியை நடுவில் சரியாக இரண்டாக நறுக்கினால், ஒவ்வொரு துண்டின் மின்தடையும் ஐந்து ஓம் ஆகிவிடும். நீளம் பாதியானது, மின்தடையும் பாதியானது. ஆனால் மின்தடை எண் முன்பு இருந்ததேதான். ஏனென்றால் கம்பி அதே உலோகம். இந்த வித்தியாசம் புரிந்தால் அந்த இரண்டு வரியும் சண்டை போடாது.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? இயற்பியல் தெரிய வேண்டும் என்பதில்லை. நோட்டை முழுக்க ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். வெட்டி எழுதிய சொல், ஆங்கிலச் சொல் எல்லாவற்றையும் பென்சிலால் வட்டம் போடட்டும். பிறகு ஒவ்வொரு வட்டத்துக்கும் முழுச் சொல் என்ன என்று எழுதச் சொல்லுங்கள். தமிழ் அப்புறம் வரட்டும். வெறும் முழுச் சொல் போதும், ‘ரெஸ்’ என்பது ரெசிஸ்டன்ஸா, ரெசிஸ்டிவிட்டியா என்று. அதைச் சொல்ல முடியாமல் விழித்தால், அந்த இடத்தில் பாடமே சரியாகப் பிடிபடவில்லை என்று அர்த்தம். சுருக்கம் எழுதுவதற்கு முன்னால் அது தெரிந்தது நல்லதுதானே?

கையெழுத்தும் ஏமாற்றும். மின்தடை எண்ணுக்கான குறி ρ. அவசரமாக எழுதினால் அது p மாதிரியே இருக்கும். அதே பாடத்தில் திறனுக்கு P வருகிறது. R = ρL/A என்ற சூத்திரத்தை R = PL/A என்று மனப்பாடம் செய்தால், நோட்டில் எழுத்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். விடை மட்டும் வராது.

அடுத்து, தமிழ்ச் சொல்லை எங்கிருந்து எடுப்பது? வீட்டில் இருக்கும் பொது அகராதியைத் தூக்க வேண்டாம். ரெசிஸ்டன்ஸுக்கு ‘எதிர்ப்பு’ என்றும் பவருக்கு ‘அதிகாரம்’ என்றும் போட்டிருக்கும். அகராதியாகப் பார்த்தால் அது சரி. விடைத்தாளில் எழுதினால் திருத்துகிறவர் என்ன செய்வார்?

அவன் எழுதப் போகும் தேர்வுக்கு உரிய பாடப்புத்தகம்தான் முதல் ஆதாரம். தமிழக அரசுப் பாடநூல்களில் தமிழ் வழிப் புத்தகமும் ஆங்கில வழிப் புத்தகமும் ஒரே பாட வரிசையில், ஒரே படங்களோடு வருகின்றன. இரண்டும் பிடிஎஃப் ஆக இலவசமாகக் கிடைக்கின்றன. பக்கத்தில் பக்கம் திறந்து வைத்தால் படத்தின் கீழே இருக்கும் பெயர்களே ஜோடி ஜோடியாகக் கிடைத்துவிடும். இன்னொரு சுலப வழி, பழைய பொதுத்தேர்வு வினாத்தாள். கேள்விகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகியிருக்கும். டீச்சர் வாயால் சொன்ன ஆங்கிலச் சொல்லுக்குத் தேர்வில் என்ன தமிழ் வரும் என்பதற்கு அதைவிட நெருங்கிய சாட்சி ஏது? பாடப்புத்தகத்தில் இல்லாத சொல்லுக்குத்தான் தமிழ்நாடு அரசின் சொற்குவை தளம் மாதிரி கலைச்சொல் தொகுப்புகளுக்குப் போக வேண்டும். அங்கே ஒரு சொல்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தமிழ் கிடைக்கலாம். அவற்றில் அழகானதைத் தேட வேண்டாம், புத்தகத்தோடு ஒத்துப்போவதை எடுத்துக்கொண்டால் போதும்.

யூடியூபில் பாடம் பார்க்கிற பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை. இலங்கை ஆசிரியர்களின் தமிழ் விளக்கங்கள் பல அருமையாக இருக்கின்றன, நானே ரசித்துக் கேட்டிருக்கிறேன். ஆனால் அங்குள்ள பாடத்திட்டத்தின் கலைச்சொற்கள் வேறு. நாம் ஆற்றல் என்பதை அங்கே சக்தி என்பார்கள், நாம் திறன் என்பதை வலு என்பார்கள். இவை வேறு சொற்கள் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும், ஆபத்து குறைவு. வேகம் என்ற சொல்தான் பொல்லாதது. இங்கே ஸ்பீடுக்கு வேகம், வெலாசிட்டிக்குத் திசைவேகம். அங்கே ஸ்பீடுக்குக் கதி, வெலாசிட்டிக்குத்தான் வேகம். ஒரே நோட்டில் இரண்டும் கலந்தால் எழுத்துக்கூட ஒன்று, பொருள் இரண்டு. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இதைப் படிக்கும் வாசகர்கள் இதையே மறுபக்கமிருந்து எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பிள்ளை நம்மூர் வீடியோ பார்த்தால் இதே தொல்லை உங்களுக்கு.

சரி, எல்லாவற்றையும் தமிழாக்க வேண்டுமா? வேண்டாம். V, I, R போன்ற குறிகளைத் தொடவே கூடாது, தமிழ் வழிப் புத்தகத்திலும் அவை அப்படியேதான் இருக்கின்றன. ஆம்பியர், வோல்ட், ஓம், வாட் எல்லாம் அலகுகள். அவற்றைத் தமிழ் எழுத்தில் எழுதினால் போதும். ஓம் என்பது ஒரு விஞ்ஞானியின் பெயர்கூட. அதற்குத் தமிழ் தேடி என்ன செய்யப் போகிறோம்? புத்தகம் எதைத் தமிழில் சொல்கிறதோ அது தமிழில் வரட்டும், எதை ஒலிபெயர்த்து வைத்திருக்கிறதோ அது அப்படியே இருக்கட்டும்.

சொற்கள் முடிவானதும் வாக்கியத்துக்கு வருவோம். கலப்பு நோட்டின் இன்னொரு குணம், அதில் வினைச்சொல்லே இருக்காது. ‘V டைரக்ட்லி I’ என்று நிற்கும். இதைப் பையன் ‘V நேரடியாக I’ என்று எழுதி வைக்கிறான். நேரடியாக என்ன? பஸ்ஸில் நேரடியாகப் போவது மாதிரியா? புத்தகச் சொல் நேர்த்தகவு. ஒன்று இரட்டித்தால் மற்றதும் இரட்டிக்கும் என்பது அதன் பொருள். அதோடு ‘டெம்ப் கான்ஸ்.’ என்ற துண்டு சுருக்கும்போது பெரும்பாலும் உதிர்ந்து போகிறது, ஏதோ அலங்காரம் மாதிரி. உண்மையில் ஓம் விதியின் நிபந்தனையே அதுதான். கடத்தி சூடேறினால் அதன் மின்தடையே மாறும், பிறகு அந்த நேர்கோடு எங்கே? ஆக, சுருக்கத்தில் வர வேண்டிய வரி இது: ‘வெப்பநிலை மாறாதபோது, கடத்தியில் பாயும் மின்னோட்டம் அதன் முனைகளுக்கு இடையிலான மின்னழுத்த வேறுபாட்டுக்கு நேர்த்தகவில் இருக்கும்.’ நோட்டில் இருந்ததைவிட இது நீளம்தான். பரவாயில்லை. சுருக்கம் என்றால் வாக்கியத்தைக் குட்டையாக்குவது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். தேவையில்லாத வாக்கியங்களை விட்டுவிட்டு, தேவையானதை முழுசாக எழுதினால் அதுவே சுருக்கம்.

‘பேரலல்: உல்டா’ என்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். எழுதும்போது அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, அதனால் ஒரு சொல்லில் முடித்துவிட்டான். இரண்டு மாதம் கழித்துப் படிக்கும்போது உல்டா என்றால் எது எதற்கு உல்டா? எல்லாமே தலைகீழ் என்று நினைத்தால் தப்பாகிவிடும். விரித்து எழுதினால் இப்படி வரும்: தொடர் இணைப்பில் எல்லாவற்றின் வழியாகவும் ஒரே மின்னோட்டம் பாயும், மின்னழுத்த வேறுபாடு பிரியும். பக்க இணைப்பில் எல்லாவற்றின் முனைகளிலும் ஒரே மின்னழுத்த வேறுபாடு இருக்கும், மின்னோட்டம் பிரியும்.

இதற்குப் பக்கத்திலேயே ஓர் எண் உதாரணம் எழுதி வைக்கலாம். இரண்டு பத்து ஓம் மின்தடைகளைத் தொடராக இணைத்தால் மொத்தம் 20 ஓம். பக்கவாட்டில் இணைத்தால் 1/R = 1/10 + 1/10 = 1/5. இங்கேயே நிறுத்திவிட்டு விடை 1/5 ஓம் என்று எழுதுகிற பிள்ளைகள் உண்டு. R என்பது 5 ஓம். தொடரில் கூடும், பக்கத்தில் இருப்பதிலேயே சின்னதைவிடவும் குறையும் என்ற வாக்கியத்தை நினைவில் வைத்திருப்பவன், 1/R-ஐ R ஆக மாற்றி எழுதியபோது 40 ஓம், 50 ஓம் என்று ஏதாவது வந்தால் உடனே சந்தேகப்படுவான். நம் வீட்டு வயரிங் பக்க இணைப்புதான். அதனால்தான் ஃபேனை நிறுத்தினால் டியூப்லைட் அணைவதில்லை.

கடைசி வரிக்கு வருகிறேன். ‘பவர் ஜாஸ்தி யூஸ் பண்ணா பில் ஜாஸ்தி.’ இதை நாம் எல்லோருமே சொல்வோம். வீட்டுப் பேச்சில் பவர், சக்தி, கரண்ட், எனர்ஜி எல்லாம் ஒன்றுதான். பவர் கட் என்கிறோம், சூரிய சக்தி என்கிறோம், உடம்பில் எனர்ஜி இல்லை என்கிறோம். ஆனால் பாடத்தில் திறன் வேறு, ஆற்றல் வேறு. 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியை ஒரு மணி நேரம் ஓட்டினாலும் 1 யூனிட்தான், 100 வாட் பல்பைப் பத்து மணி நேரம் எரியவிட்டாலும் 1 யூனிட்தான். திறன் பத்து மடங்கு வேறு, ஆனால் செலவான மின்னாற்றல் ஒன்றே. மீட்டர் கணக்கெடுப்பது ஆற்றலை. kW என்பது திறன், kWh என்பது ஆற்றல். நோட்டில் அந்த h எழுத்து விடுபட்டால் பொருளே மாறிவிடும். சுருக்கத்தில் ‘திறன் என்பது ஒரு விநாடியில் செலவாகும் ஆற்றல், P = VI. 1 யூனிட் = 1 kWh = 3.6 × 10⁶ ஜூல்’ என்று இருந்தால் போதும். ‘சக்தி’ என்ற சொல் இந்தப் பக்கத்தில் ஓர் இடத்திலும் வராதபடி பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தச் சொல் வந்தாலே எதைக் குறிக்கிறது என்று சந்தேகம் வரும்.

வினை முடிவிலும் ஒரே நடை இருந்தால் படிக்கச் சுகம். ‘பாயும், குறையும், அதிகரிக்கும்’ என்று ஆரம்பித்தால் கடைசி வரை அப்படியே போகட்டும். நடுவில் ‘குறைகின்றது’, ‘கம்மி ஆகும்’ என்று தாவ வேண்டாம். இது மார்க்குக்கான விஷயம் இல்லை, கண்ணுக்கானது.

எழுதி முடித்த பிறகு சரிபார்க்க வேண்டுமே? இங்கேதான் பெற்றோருக்கு வேலை. பாடம் தெரியாத அப்பா அம்மாவும் தாராளமாகச் செய்யலாம். நோட்டையும் சுருக்கத்தையும் பக்கத்தில் பக்கம் வையுங்கள். நோட்டில் உள்ள ஒவ்வொரு சூத்திரத்தையும் ஒவ்வொரு எண்ணையும் விரலால் தொட்டு, சுருக்கத்தில் அது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். விட்டிருந்தால் வேண்டுமென்றே விட்டதா, மறந்து விட்டதா என்று அவனே சொல்லட்டும். அடுத்து திசை மாறிப் பாருங்கள். சுருக்கத்தின் ஒவ்வொரு வரிக்கும் நோட்டிலோ புத்தகத்திலோ ஆதாரம் காட்டச் சொல்லுங்கள். ஆதாரம் காட்ட முடியாத வரி, ஏதோ ஒரு சொல்லைத் தப்பாக மாற்றியதால் பிறந்ததாக இருக்கலாம். ‘அல்ல’, ‘இல்லை’, ‘மட்டும்’, ‘மாறாதபோது’ என்ற சின்னச் சொற்களை மட்டும் தனியாக ஒருமுறை தேடுங்கள். சுருக்கும்போது முதலில் காணாமல் போவது இவைதான்.

பிறகு சுருக்கத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். நடுவில் நிறுத்தி, ‘அதாவது ரெசிஸ்டிவிட்டி’ என்று அவன் தானாகவே விளக்கம் கொடுத்தால், அந்த இடத்தில் எழுதியது அவனுக்கே போதவில்லை. அங்கே இன்னும் ஒரு வரி வேண்டும்.

இதையெல்லாம் அம்மாவே உட்கார்ந்து அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். எழுதிக் கொடுக்காதீர்கள். ‘ரெஸ்’ என்பது எது என்று யோசித்து முடிவெடுக்கும் அந்த அரை நிமிடத்தில்தான் பாடம் உள்ளே போகிறது. அந்த அரை நிமிடம் உங்களுக்குக் கிடைத்து என்ன பயன்? தேர்வு எழுதப் போவது அவன்தானே.

சொல் ஜோடிகள் எழுதிய தாளைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம், அடுத்த பாடத்துக்கும் உதவும். ஆனால் எல்லாப் பாடத்துக்கும் ஒரே தாள் என்று வைத்தால் மறுபடி மாட்டிக்கொள்வான். சொல்யூஷன் என்றால் கணக்கில் தீர்வு, வேதியியலில் கரைசல். செல் என்றால் உயிரியலில் செல்தான், மின்னோட்டவியலில் மின்கலம். பவர் என்றால் இயற்பியலில் திறன், கணக்கில் அடுக்கு. பாடத்துக்கு ஒரு தாளாக எழுதி, அந்தந்தப் புத்தகத்தின் அட்டைக்குள் ஒட்டி வைத்துவிட்டால் தேட வேண்டியதில்லை.

அன்புடன்,
ஆசிரியர்